ஸ்ட்ரிப் காட்டும் பொய் சுகர்

காலையில் வெறும் வயிற்றில் லேப்பில் ரத்தம் கொடுக்கிறோம். ரிசல்ட் 132 என்று வருகிறது. அதே நேரத்தில் வீட்டு மெஷினில் குத்திப் பார்த்திருந்தால் 151. எதை நம்புவது என்ற குழப்பம் சர்க்கரை நோயாளி இருக்கும் எல்லா வீட்டிலும் உண்டு. இந்த அளவு வித்தியாசத்துக்குப் பதற வேண்டியதில்லை. வீட்டு குளுக்கோமீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரம் 2013-இல் திருத்தப்பட்டது. அதன்படி, சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது 100 அளவீடுகளில் 95 அளவீடுகள் லேப் முடிவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். ஆகவே லேப்பில் 132 இருக்கும்போது வீட்டு மெஷின் 113 முதல் 151 வரை எதைக் காட்டினாலும் அது தன் வரம்பை மீறவில்லை.

இந்த வித்தியாசம் ஒரு நாள் மேலே போகும், ஒரு நாள் கீழே வரும். நான் சொல்ல வருவது வேறு வகைத் தவறு. ஒரு குறிப்பிட்ட நபரின் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று அந்த ஸ்ட்ரிப்பை எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மறுபடி குத்திப் பார்த்தாலும் அதே எண்தான் வரும். அதே கம்பெனியின் புது டப்பாவைத் திறந்தாலும் மாறாது. இரண்டு முறையும் ஒரே மாதிரி வருவதால் நம்பிக்கை கூடும், ஆனால் எண் தவறாகவே இருக்கும். மெஷினில் கோளாறு எதுவும் இல்லை என்பதால் அது எச்சரிக்கவும் செய்யாது.

இது எப்படி நேர்கிறது என்று புரிய வேண்டுமானால், ஒரு துளி ரத்தம் ஸ்ட்ரிப்பின் நுனியைத் தொட்ட பிறகு நடக்கும் 5 விநாடி வேலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான ஸ்ட்ரிப்களுக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம் போதும். நுனியில் இருக்கும் முடி போன்ற மெல்லிய இடைவெளி அந்த ரத்தத்தைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே ஒரு நொதி காய்ந்த பூச்சாகக் காத்திருக்கிறது. அது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கரைந்துள்ள குளுக்கோஸைப் பிடித்து, அதிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும். நொதியின் பக்கத்திலேயே பூசியிருக்கும் இன்னொரு ரசாயனம் அந்த எலெக்ட்ரான்களைச் சுமந்துபோய் அடியில் உள்ள மின்முனையில் சேர்க்கும். அங்கே மிக நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. மெஷின் அந்த மின்னோட்டத்தை அளந்து, தன்னிடம் உள்ள கணக்கில் போட்டு, திரையில் ஓர் எண்ணாகக் காட்டுகிறது.

ஆக, மெஷின் நேரடியாகப் பார்ப்பது சர்க்கரையை அல்ல, எலெக்ட்ரான்களின் வரத்தை. வந்த எலெக்ட்ரான்கள் எல்லாம் குளுக்கோஸிலிருந்துதான் வந்தன, குளுக்கோஸும் வழக்கமான வேகத்தில்தான் நொதியிடம் வந்து சேர்ந்தது என்ற இரண்டு நம்பிக்கைகளின் மேல் அதன் கணக்கு நிற்கிறது. ஹீமாட்டோகிரிட் இரண்டாவது நம்பிக்கையைக் கெடுக்கிறது. வைட்டமின் சி-யும் சில மருந்துகளும் முதலாவதைக் கெடுக்கின்றன.

ஹீமாட்டோகிரிட் என்றால் 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லியைச் சிவப்பணுக்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்ற அளவு. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் பி.சி.வி. என்ற பெயரில், ஹீமோகுளோபினுக்குப் பக்கத்து வரிகளில் இருக்கும். ஆண்களுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 வரையும், பெண்களுக்கு 36 முதல் 46 வரையும் இருப்பது இயல்பு. ரிப்போர்ட் கையில் இல்லையென்றால் ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஸ்ட்ரிப்புக்குள் குளுக்கோஸ் பிளாஸ்மா வழியாக நகர்ந்துதான் நொதியை அடைய வேண்டும். சிவப்பணுக்கள் நிறைய இருந்தால், தேரோட்டத்தன்று வீதியைக் குறுக்கே கடக்கப் பார்ப்பவரின் கதிதான் குளுக்கோஸுக்கும். மெஷின் கொடுத்திருக்கும் சில விநாடிக்குள் குறைவான குளுக்கோஸே போய்ச் சேரும், எண் குறைவாக வரும். சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் வழி காலியாக இருக்கும். பிளாஸ்மாவும் கூடுதலாகக் கிடைக்கும். வழக்கத்தைவிட அதிகக் குளுக்கோஸ் நொதியைத் தொடும், எண் கூடுதலாக வரும். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்தத் திசையைத்தான்: ரத்தசோகை இருந்தால் மெஷின் கூட்டிச் சொல்லும், ரத்தம் கெட்டிப்பட்டால் குறைத்துச் சொல்லும்.

இதை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். 64 வயதுக்காரர் ஒருவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. சிறுநீரகம்தான் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனைச் சுரப்பது என்பதால், அது பழுதானவர்களுக்கு ரத்தசோகையும் சேர்ந்தே வரும். இவருக்கு ஹீமோகுளோபின் 7.2, ஹீமாட்டோகிரிட் 22. வீட்டில் இருப்பது பழைய வகை மெஷின். அதன் ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில், ஹீமாட்டோகிரிட் 30 முதல் 55 வரை இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. டப்பா வாங்கியதும் முதலில் குப்பைக்குப் போகும் தாள் அது.

ஒரு நாள் காலையில் லேப்பில் 96 வந்த அதே வேளையில் வீட்டு மெஷின் 124 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். லேப்பைவிட 28 கூடுதல், அதாவது 29 சதவீதம். 124 பார்ப்பதற்கு நல்ல எண்தான், யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆபத்து இரவு 2 மணிக்கு வருகிறது. அப்போது இவருடைய உண்மையான சர்க்கரை 62-க்கு இறங்கியிருக்கிறது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். மெஷின் அதே 29 சதவீதத்தைக் கூட்டி 80 என்று காட்டுகிறது.

"மெஷின் 80ன்னு காட்டுதேம்மா, அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?" என்று அப்பா கேட்கிறார்.

"காய்ச்சல் விடுற வேர்வையா இருக்கும்ப்பா, கொஞ்சம் படுத்துக்கோங்க" என்கிறாள் மகள்.

அந்த வீட்டில் யாரும் அலட்சியமாக இல்லை. இரவில் எழுந்து குத்திப் பார்த்திருக்கிறார்கள். பார்த்த எண்ணை நம்பியதுதான் அவர்களைத் தவறவிட்டது.

கதை இதோடு முடிவதில்லை. டாக்டர் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்தும் கொடுக்கிறார். சில மாதங்களில் ஹீமோகுளோபின் 10.8-க்கு ஏறுகிறது, ஹீமாட்டோகிரிட் 32 ஆகிறது. இப்போது லேப்பில் 98 இருந்தால் வீட்டு மெஷின் 108 காட்டுகிறது. முன்பு 124, இப்போது 108, சுகர் நன்றாகக் குறைந்துவிட்டது என்று குடும்பம் நினைக்கிறது. உண்மையில் சர்க்கரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாறியது ரத்தம். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த எண்களைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றும் டாக்டருக்கு, இடையில் ஹீமோகுளோபின் எவ்வளவு ஏறியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரக டாக்டர் ஒருவர், சர்க்கரை டாக்டர் இன்னொருவர் என்று இருக்கும் வீடுகளில் இந்தத் தகவல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவதே இல்லை.

மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை வைத்து இதைக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் சிவப்பணுவை நம்பித்தான் நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் அது பொய்யாக ஏறக்கூடும். எரித்ரோபாய்ட்டின் போட்டுக்கொள்பவர்களுக்குப் புதிய சிவப்பணுக்கள் நிறைய வருவதால் பொய்யாக இறங்கும். ஆகவே இவருக்குச் சரியான சாட்சி லேப்பில் எடுக்கும் பிளாஸ்மா சர்க்கரை மட்டும்தான்.

இவ்வளவு ரத்தசோகை சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் உரியதல்ல. கர்ப்பகாலச் சர்க்கரைக்காக வீட்டில் குத்திப் பார்க்கும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 என்பது நம் ஊரில் அபூர்வம் இல்லை. எதிர்த் திசையிலும் ஆட்கள் உண்டு. நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளவர்களுக்கு ஹீமாட்டோகிரிட் 55-ஐத் தாண்டலாம். கடும் வாந்தி, பேதியில் உடம்பு நீர் வற்றிப்போனவருக்கும் ரத்தம் கெட்டிப்படும். அப்படி வற்றிக் கிடக்கும் சர்க்கரை நோயாளிக்கு உண்மைச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும்போது மெஷின் அதைக் குறைத்துக் காட்டக்கூடும். அந்த நிலையில் விரல் நுனிக்கு ரத்த ஓட்டமே சரியாக இருக்காது என்பதால், எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

புதிய மெஷின்கள் சிலவற்றில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். ஸ்ட்ரிப்பில் கூடுதல் மின்முனைகளை வைத்து, அந்தத் துளியின் ஹீமாட்டோகிரிட்டையும் மின்சாரத்தாலேயே கணித்து, எண்ணைத் திருத்திக் காட்டுகிறார்கள். அவற்றின் தாளில் 10 முதல் 65 வரை பொருந்தும் என்பது போன்ற அகலமான வரம்பு இருக்கும். ரத்தசோகை உள்ள வீட்டுக்கு மெஷின் வாங்கும்போது விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த வரம்பைத்தான் என்பது என் கருத்து. ஆனால் இந்தத் திருத்தம் சிவப்பணுவுக்கு மட்டும். அடுத்து வரும் இரண்டையும் அது தடுக்காது.

வைட்டமின் சி தன் எலெக்ட்ரான்களை மற்றவற்றுக்குச் சுலபமாகக் கொடுத்துவிடும் பொருள். உடம்புக்குள் அது நன்மை செய்வதே இந்தக் குணத்தால்தான். ஸ்ட்ரிப்புக்குள் அதே குணம் தொந்தரவாகிறது. அது நொதிக்காகக் காத்திருப்பதில்லை. எலெக்ட்ரானைச் சுமக்கும் ரசாயனத்திடமோ, நேராக மின்முனையிடமோ தன் எலெக்ட்ரான்களைக் கொடுத்துவிடுகிறது. மெஷினுக்கு அது குளுக்கோஸிலிருந்து வந்ததா, வைட்டமினிலிருந்து வந்ததா என்று பிரித்தறியத் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டிக்கொள்கிறது, எண் ஏறுகிறது.

அப்படியானால் நெல்லிக்காயும் கொய்யாவும் தின்றால் மெஷின் பொய் சொல்லுமா என்று பயப்பட வேண்டாம். வாய்வழியே போகும் வைட்டமின் சி-க்குக் குடலும் சிறுநீரகமும் கடிவாளம் போடுகின்றன. அளவு கூடும்போது குடல் உறிஞ்சுவது குறைகிறது, மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட அளவீடுகளில், 1.25 கிராம் வைட்டமின் சி-யை வாயால் சாப்பிட்டபோது ரத்தத்தில் அதன் உச்ச அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 2.4 மில்லிகிராம். அதே 1.25 கிராமை நரம்பு வழியே ஏற்றியபோது சுமார் 15.6. ஆறு மடங்குக்கும் மேல். சில ஸ்ட்ரிப்களின் தாளில், ரத்தத்தில் வைட்டமின் சி 3 மில்லிகிராமைத் தாண்டினால் எண் கூடுதலாக வரும் என்று எழுதியிருப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். மாத்திரை அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகிறது, டிரிப் அதைத் தாண்டி எங்கோ போய்விடுகிறது.

வைட்டமின் சி டிரிப் இன்று ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இல்லை. நிறம் வெளுக்க வேண்டும் என்று அழகு கிளினிக்குகளில் குளூட்டாதயோனோடு சேர்த்து ஏற்றுகிறார்கள். குளூட்டாதயோனும் எலெக்ட்ரான் கொடுக்கும் வகைதான். புற்றுநோய்க்குத் துணைச் சிகிச்சை என்று பல கிராம் கணக்கில் ஏற்றுபவர்களும் உண்டு. இப்படி ஏற்றிக்கொண்டவர் இன்சுலின் போடுபவராக இருந்தால், அன்று வீட்டு மெஷின் காட்டும் உயர்ந்த எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டக் கூடாது. சிறுநீரகம் சரியாக வேலை செய்பவருக்கு அது சீக்கிரம் வெளியேறிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கு ரத்தத்திலேயே தங்கி, பொய் எண் நீடிக்கும்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. தோலுக்கு அடியில் இரவும் பகலும் இருக்கும் அந்தச் சென்சாரில் சில வகைகளுக்கு, நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டாலே எண் பொய்யாக ஏறலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரை ஒன்றிலேயே 500 இருக்கிறது. அது மிட்டாய் மாதிரி இருப்பதால் டாக்டர் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை. பழைய சென்சார்கள் சிலவற்றில் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால்கூட இதே போல எண்ணை ஏற்றியது. பின்னர் வந்தவற்றில் வழக்கமான அளவுக்கு அந்தத் தொல்லையைக் குறைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக உள்ள தவறுதான் உயிர்களை எடுத்தது. இங்கே ஏமாறுவது நொதி. ஸ்ட்ரிப்களில் பல வகை நொதிகள் உண்டு. அவற்றில் ஒரு வகைக்கு, துணைப்பொருளின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஜி.டி.ஹெச்.-பி.க்யூ.க்யூ. என்று பெயர். வேகமாக வேலை செய்யும், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவால் பாதிக்கப்படாது, ஆகவே விரும்பிப் பயன்படுத்தினார்கள். அதன் குறை, குளுக்கோஸை மட்டும் பிடிக்காமல் மால்ட்டோஸ், காலக்டோஸ் போன்ற சர்க்கரைகளையும் பிடித்துக்கொள்வது.

ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் மால்ட்டோஸ் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இருக்காது. சிறுநீரகம் செயலிழந்து, வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் ஏற்றி இறக்கும் பெரிடோனியல் டயாலிசிஸ் செய்பவர்களில் சிலரின் ரத்தத்தில் நிறையவே இருக்கும். அவர்களுக்கு நாளில் ஒருமுறை, நீண்ட நேரம் வயிற்றில் தங்கவேண்டிய பைக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தைக் கொடுப்பதுண்டு. மாவுச்சத்திலிருந்து தயாராகும் நீண்ட சங்கிலி அது. அதில் ஒரு பகுதி ரத்தத்துக்குள் போய், உடைந்து, மால்ட்டோஸாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மால்ட்டோஸை மேலே சொன்ன ஸ்ட்ரிப் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும்.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. 1997-க்கும் 2009-க்கும் இடையில் இந்த வகை ஸ்ட்ரிப்போடு தொடர்புள்ள 13 மரணங்கள் தன்னிடம் பதிவாகியிருப்பதாகச் சொன்னது. அவர்களில் 10 பேர் ஐகோடெக்ஸ்ட்ரின் பயன்படுத்தியவர்கள். நடந்தது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மெஷின் உயர்ந்த எண்ணைக் காட்டுகிறது. இன்சுலின் கொடுக்கிறார்கள். உண்மைச் சர்க்கரை இறங்குகிறது, மால்ட்டோஸ் இறங்காததால் மெஷின் இன்னும் உயர்ந்தே காட்டுகிறது. மறுபடி இன்சுலின் கொடுக்கிறார்கள். நோயாளி மயங்கிய பிறகும் எண் உயர்ந்தே இருப்பதால், தாழ்சர்க்கரை என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பயிற்சி பெற்றவர்கள் நிறைந்த ஆஸ்பத்திரிகளிலேயே இப்படி நடந்திருக்கிறது என்பது என்னை மிகவும் உறுத்தும் விஷயம்.

அதன் பிறகு கம்பெனிகள் நொதியை மாற்றின. இன்று சந்தையில் உள்ள பெரும்பாலான ஸ்ட்ரிப்கள் மால்ட்டோஸுக்கு ஏமாறுவதில்லை. ஆனாலும் ஐகோடெக்ஸ்ட்ரின் பயன்படுத்துபவர் தன் ஸ்ட்ரிப் தாளில் நொதியின் பெயரையும், மால்ட்டோஸ் பற்றிய வரியையும் கட்டாயம் பார்க்க வேண்டும். மால்ட்டோஸ் கலந்து வரும் சில இம்யூனோகுளோபுலின் மருந்துகளை ஏற்றிக்கொள்பவருக்கும் இது பொருந்தும். திரவத்தை நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது, ரத்தத்திலிருந்து மால்ட்டோஸ் விலக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். வேறொரு நொதியான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் உள்ள ஸ்ட்ரிப்புக்கு மால்ட்டோஸ் தொல்லை இல்லை, ஆனால் அதை ஆக்சிஜன் பாதிக்கும். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருக்கும் நுரையீரல் நோயாளிக்கு அது எண்ணைக் குறைத்துக் காட்டலாம். எந்த ஸ்ட்ரிப்பும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

இவற்றில் ஏதோ ஒன்று தன்னைப் பாதிக்கிறதா என்று வீட்டில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது? லேப்போடு ஒப்பிடுவது ஒன்றே வழி, ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் செய்யுங்கள். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும், ஒப்பீடு குழம்பிவிடும். மெஷினை லேப்புக்கே எடுத்துப் போங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, நரம்பில் ரத்தம் எடுத்த 5 நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். குழாயில் எடுத்த ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் விடாதீர்கள். ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அதில் உள்ள ஃபுளோரைடு, ரத்த அணுக்கள் குழாய்க்குள்ளேயே சர்க்கரையைத் தின்றுவிடாமல் தடுக்கிறது. அது இல்லாத குழாயில் ரத்தம் பிரிக்கப்படாமல் மணிக்கணக்கில் கிடந்தால் லேப் எண் தவறாகக் குறைந்து, நல்ல மெஷின்மேல் பழி விழும்.

லேப்பில் 132, மெஷினில் 151 என்றால் விட்டுவிடலாம். லேப்பில் 132, மெஷினில் 168 என்றால் 27 சதவீதம் கூடுதல். இன்னொரு நாளும் இதே அளவில், இதே பக்கமாகத் தள்ளினால் தற்செயல் அல்ல. ஸ்ட்ரிப் தாள், சமீபத்திய ரத்த ரிப்போர்ட், சாப்பிடும் எல்லா மருந்துகளும் வைட்டமின்களும் என்று மூன்றையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் வேறு வகை ஸ்ட்ரிப்புக்கு மாறச் சொல்லலாம், அல்லது லேப் எண்ணை வைத்தே மருந்தைத் தீர்மானிக்கலாம். மெஷின் இவ்வளவு கூட்டிச் சொல்கிறது, அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று வீட்டில் கணக்குப் போடக் கூடாது. ஹீமோகுளோபின் மாறினால் அந்தக் கழித்தல் கணக்கும் மாறிவிடும்.

இரவில் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்து, மெஷின் 80 அல்லது 110 என்று காட்டினால், இப்படிப்பட்ட நோயாளிக்கு உடம்பு சொல்வதையே எடுத்துக்கொள்ள வேண்டும். நினைவோடு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். சிறுநீரக நோயாளிக்குப் பழச்சாறும் இளநீரும் வேண்டாம், அவற்றில் பொட்டாசியம் அதிகம். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெரிடோனியல் டயாலிசிஸ் செய்பவர் வீட்டில் சரியான ஸ்ட்ரிப்பையே வைத்திருந்தாலும், விபத்திலோ மயக்கத்திலோ அவரை எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள், அங்கே எந்த மெஷினால் குத்திப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. சட்டைப் பையில், ஆதார் அட்டையோடு சேர்த்து ஒரு சின்ன அட்டை இருக்க வேண்டும். அதில் இரண்டு வரி போதும்: ஐகோடெக்ஸ்ட்ரின் பயன்படுத்துகிறேன், என் சர்க்கரையை லேப்பில் பாருங்கள்.